‘வந்தது’ எப்படி ‘வந்துச்சு’ ஆயிற்று? ஒலிமாற்றத்தால் விளங்காத சொல்வடிவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“எங்கள் வீட்டில் எல்லாரும் ‘பஸ் வந்துச்சு’ என்றுதான் சொல்கிறோம். இது ‘வந்தது’ என்பதன் சிதைவுதானே?”

சிதைவு அன்று. ‘வந்தது’ என்ற சொல்லை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும், எவ்வளவு சோம்பலாகச் சொன்னாலும் அதன் ஈற்றில் ‘ச்சு’ பிறக்காது. அந்த ‘ச்சு’ வேறொரு வினைக் கூட்டத்திலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது.

நன்னூல் படித்தவர்களுக்கு ‘து, று, டு’ என்ற மூன்றும் அஃறிணை ஒருமைக்குரிய விகுதிகள் என்பது நினைவிருக்கும். ‘வந்தது’, ‘செய்தது’ ஆகியவற்றில் இருப்பது து. ‘ஓடிற்று’, ‘ஆயிற்று’, ‘போயிற்று’ ஆகியவற்றில் இருப்பது று. பேச்சுத் தமிழில் றகர இரட்டை தகர இரட்டையாகும். காற்று ‘காத்து’ ஆவதும் நேற்று ‘நேத்து’ ஆவதும் அப்படித்தான். சொல்லின் இடையிலுள்ள இகரத்தை அடுத்து வரும் ‘த்த’ மேலும் ஒரு படி நகர்ந்து ‘ச்ச’ ஆகிவிடும். படித்தான் ‘படிச்சான்’, சிரித்தான் ‘சிரிச்சான்’ என்றாவது இதனால்தான். இந்த இரண்டு படிகளையும் கடந்து ஓடிற்று ‘ஓடிச்சு’ ஆயிற்று. ஆயிற்று ‘ஆச்சு’ ஆயிற்று. போயிற்று ‘போச்சு’ ஆயிற்று. இதுவரை நடந்தவை எல்லாம் ஒலிமாற்றங்களே.

இதன் பிறகு நடந்தது வேறு வகையானது. ‘ஓடிச்சு’ என்பதில் ‘ஓடி’ என்ற வினையெச்சம் முழுதாகத் தெரிகிறது. பழைய ‘இற்று’ மறைந்து போனதால், கேட்பவர் அந்தச் சொல்லை ‘ஓடி’ என்றும் ‘ச்சு’ என்றும் பிரித்துக்கொள்கிறார். ஓடி என்பதற்கு ஓடிச்சு என்றால் வந்து என்பதற்கு என்ன? வந்துச்சு. அதே கணக்கில் செஞ்சு ‘செஞ்சுச்சு’ ஆகிறது, பாத்து ‘பாத்துச்சு’ ஆகிறது, ‘நாய் கடிச்சுச்சு’ என்று ச்ச இரண்டு முறை அடுக்கி வந்தாலும் நாக்கு தயங்குவதில்லை. ‘வந்திச்சு’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வெட்டிய இடம் வேறு: ஓட் + இச்சு என்று பிரித்து, ‘இச்சு’ முழுவதையும் விகுதியாக எடுத்துக்கொண்டார்கள். உகரமா இகரமா என்ற இந்தச் சின்ன வேறுபாடு, ஒரே சொல்லை இரண்டு வகையாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதால் எனக்கு மிகவும் பிடித்த சான்று.

ஒரு சொல்லின் அமைப்பைப் பார்த்து இன்னொரு சொல்லை அதே அச்சில் வார்ப்பதை ஒப்புமையாக்கம் என்பார்கள்.

“அது ஒலிமாற்றம் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? நாளடைவில் து, ச்சு ஆகியிருக்கலாமே?”

ஒலிமாற்றம் ஒலியைத்தான் பார்க்கும். சொல்லின் பொருளையோ காலத்தையோ பார்க்காது. 1870களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தைச் சேர்ந்த இளம் மொழியியலாளர்கள் வற்புறுத்திய கொள்கை இதுவே. ஒரே ஒலிச்சூழல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றம் நிகழ வேண்டும் என்றார்கள். நிகழாத இடத்தில் வேறு காரணம் தேட வேண்டும் என்றும், அந்தக் காரணங்களில் முதன்மையானது ஒப்புமை என்றும் சொன்னார்கள்.

இந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். ‘வந்தது’ என்பதன் ஈற்றில் உள்ள ‘அது’ ஒலியளவில் ‘ச்சு’ ஆகக்கூடியது என்றால், தனிச் சொல்லான ‘அது’வும் அச்சு ஆகியிருக்க வேண்டும், ‘எது’ எச்சு ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நிகழ்காலத்தைப் பாருங்கள்: ‘வருது’, ‘போகுது’ என்கிறோமே தவிர வருச்சு என்று யாரும் சொல்வதில்லை. நம் வட ஆர்க்காட்டுப் பேச்சில் ‘இருக்கிறது’ என்பது தேய்ந்து தேய்ந்து ‘கீது’ என்று இரண்டே எழுத்தாகிவிட்டது. அவ்வளவு தேய்ந்தும் ஈற்றுத் து அப்படியே நிற்கிறது. இறந்த காலத்தில் மட்டும், அஃறிணை ஒருமையில் மட்டும் நிகழ்கிற மாற்றம், இலக்கணத்தைப் பார்த்து நிகழ்கிற மாற்றம். ஒலிக்குக் காலம் தெரியாது, பேசுகிறவருக்குத் தெரியும்.

“இகரத்துக்குப் பின் ற்ற என்பது ச்ச ஆகும் என்றால் ‘வயிற்று வலி’ ஏன் ‘வயிச்சு வலி’ ஆகவில்லை?”

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். வயிற்று என்பது ‘வயித்து’ என்றும், கயிற்றில் என்பது ‘கயித்துல’ என்றும், ஞாயிற்றுக்கிழமை என்பது ‘ஞாயித்துக்கெழம’ என்றும் நின்றுவிடுகின்றன. ச்ச வரை போவதில்லை. விதி பொய்த்துவிட்டதா என்று முதலில் தோன்றும்.

விலகி நிற்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மூன்றும் பெயர்ச்சொற்கள், மூன்றுக்கும் பக்கத்திலேயே ‘வயிறு’, ‘கயிறு’, ‘ஞாயிறு’ என்ற எழுவாய் வடிவம் உயிரோடு இருக்கிறது. று என்று முடியும் பெயர், வேற்றுமை உருபு ஏற்கும்போது த்து ஆகும் என்பது பேச்சில் வலுவான அச்சு: ஆறு, ஆத்துல, சோறு, சோத்துல, சேறு, சேத்துல. இந்த அச்சு ‘வயித்துல’ என்பதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்பது என் விளக்கம். ஆயிற்று, போயிற்று ஆகியவற்றுக்கு அப்படிப் பிடித்து நிறுத்தும் துணைச்சொல் எதுவும் இல்லாததால் அவை ஒலிமாற்றத்தின் போக்கிலேயே முழுதும் போய்விட்டன.

ஒப்புமை புதுச் சொல்லைப் பிறப்பிப்பது மட்டுமன்றி, நடக்க வேண்டிய மாற்றத்தைத் தடுக்கவும் செய்யும். தடுக்கப்பட்ட மாற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்தப் பக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

டு என்று முடியும் பெயர்களிலும் இதே வகை அச்சு எவ்வளவு வலுவானது என்பதற்கு ஆங்கிலத்திலிருந்து வந்த ‘ரோடு’ ஒன்று போதும். வீடு, வீட்டுல, காடு, காட்டுல என்ற வரிசையில் சேர்ந்து அதுவும் ‘ரோட்டுல’ ஆகிவிட்டது.

“பாட்டி ‘போச்சு’ என்கிறார், பேரன் ‘போனிச்சு’ என்கிறான். எது சரி?”

இரண்டும் சரியே, இரண்டும் செய்யும் வேலைதான் மெல்லப் பிரிந்து வருகிறது. ‘போச்சு’ என்பது போயிற்று என்பதன் நேர் வாரிசு. ஆனால் அதில் ‘போன’ என்ற அடி கண்ணுக்குத் தெரிவதில்லை. போனான், போனாள், போனாங்க என்று வரிசையாகச் சொல்லிவந்த பிள்ளை, அஃறிணைக்கு வரும்போதும் அதே அடியை வைத்து ‘போனிச்சு’ என்கிறான். ஒரு சொல்லின் வடிவங்களுக்குள்ளே இருக்கும் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் இந்த வேலையை வடிவ நிரவல் எனலாம். இது ஒப்புமையாக்கத்தின் ஒரு வகை.

நிரவலுக்குப் பிறகு பழைய வடிவம் உடனே சாவதில்லை. ‘கரண்டு போச்சு’, ‘மானம் போச்சு’, ‘வீணாப் போச்சு’ என்று இழப்பைக் குறிக்கும் இடங்களில் போச்சு அசையாமல் இருக்கிறது. அங்கே போனிச்சு என்று மாற்றினால் காதுக்கு ஒவ்வாது. ‘பூனை இந்தப் பக்கமாப் போனிச்சு’ என்று உண்மையாகவே நடந்து போவதைச் சொல்லும்போது புதிய வடிவம் எளிதாக வருகிறது. புதிய வடிவம் முதன்மைப் பொருளை எடுத்துக்கொள்ள, பழையது ஒதுங்கிய பொருள்களில் தங்கிவிடும் என்பதை யெர்ஸி குரிவோவிச் என்ற போலந்து மொழியியலாளர் 1940களில் பொதுப் போக்காக எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது நம் வீட்டுத் திண்ணையிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

“நிரவல் எப்போதும் முழுமையாக நடக்குமா?”

நடக்காது. அதற்குச் சான்றாக நாம் நாள்தோறும் சொல்லும் ‘நான்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சங்க இலக்கியத்தில் தன்மை ஒருமைக்கு ‘யான்’ வழங்கியது. அதன் பன்மை, கேட்பவரை விலக்கிச் சொல்லும்போது ‘யாம்’, கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும்போது ‘நாம்’. யாம் என்பதற்கு யான் என்றால் நாம் என்பதற்கு நான் என்ற கணக்கில் ‘நான்’ பிறந்தது என்பதே மொழியியலாளர் பலரும் ஏற்கும் விளக்கம்.

இந்த நகரம் ஒலியால் வந்தது அன்று என்பதை ‘என்’ காட்டிக்கொடுக்கிறது. நாம் என்பதற்கு நம், நமக்கு என்று உருபேற்கும் வடிவங்களிலும் நகரம் இருக்கிறது. நான் என்பதற்கோ என், எனக்கு என்று யான் காலத்து வடிவமே நிற்கிறது. நன், நனக்கு என்று எவரும் சொல்லவில்லை. எழுவாயில் புகுந்த ஒப்புமை வேற்றுமை வடிவங்களைத் தொடாமல் நின்றுவிட்டது. பிறகு யாம் வழக்கொழிந்து ‘நாங்கள்’ வந்தபோதும் இதே கதைதான்: எழுவாய் நாங்கள், உருபேற்றால் எங்கள். ஒரு சொல்லின் எழுவாய்க்கும் வேற்றுமை வடிவத்துக்கும் முதலெழுத்தே பொருந்தாமல் இருந்தால், அங்கே பாதியில் நின்ற நிரவல் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

“‘முயற்சித்தேன்’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். அது பிழையா?”

எழுத்துத் தமிழின் மரபுப்படி முயல் என்ற வினைக்கு ‘முயன்றேன்’ என்பதே வடிவம். தேர்வுத் தாளில் அப்படி எழுதுவதுதான் நல்லது. ஆனால் மற்றது தோன்றிய வழி தெளிவானது. யோசி, வாசி, நேசி என்ற வினைகள் யோசித்தேன், வாசித்தேன், நேசித்தேன் என்று வரும். ‘முயற்சி’ என்ற பெயரும் சி என்று முடிவதால் அதையும் ஒரு வினையடியாக எடுத்துக்கொண்டு ‘முயற்சித்தேன்’ என்று வார்த்துவிட்டார்கள். வளர்ச்சி என்பதும் சி என்றுதான் முடிகிறது. ஆனால் வளர்ச்சித்தேன் என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் ‘வளர்’ என்ற வினை பேச்சில் உயிரோடு இருக்கிறது. முயல் அப்படியில்லை. ‘நின்றேன்’ பேச்சில் ‘நின்னேன்’ ஆவதுபோல ‘முயன்னேன்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வினை பேச்சிலிருந்து விலகிவிட்டதால் பெயரே அதன் இடத்தை நிரப்ப வந்தது.

“ஆற்காடு என்றால் ஆறு காடுகள் என்று எங்கள் தாத்தா சொல்வார். பாலாற்றங்கரையில் ஆறு முனிவர்கள் தவம் செய்த கதையும் உண்டு. உண்மையா?”

கோயில்களும் கதையும் மக்களின் நம்பிக்கையும் உண்மை. தாத்தா சொன்னது இந்தப் பகுதியில் பலரும் பல காலமாகச் சொல்வது. ஷடாரண்யம் என்ற வடமொழிப் பெயரும் அதே பொருளில்தான் வழங்குகிறது. ஆனால் ஊர்ப்பெயர் அந்த எண்ணிலிருந்து பிறந்ததா என்பது தனிக் கேள்வி. அதற்குச் சொல்லின் வடிவம் சொல்லும் விடை, இல்லை என்பதே.

முதலில் எண்ணுப்பெயர் எப்படிப் புணர்கிறது என்று பாருங்கள். ஆறு என்ற எண் தொகைச் சொல்லில் குறுகி ‘அறு’ ஆகும்: அறுபது, அறுசுவை, அறுமுகன். குறுகாவிட்டால் ‘ஆறுமுகம்’ என்பதுபோல உகரத்தோடு முழுதாக நிற்கும். இரண்டிலும் று என்ற எழுத்தின் உகரம் மறைந்து ‘ஆற்’ என்று ஒற்று மட்டும் நிற்பதில்லை. நதியைக் குறிக்கும் ஆறு என்றாலும் ஆற்றுமணல், ஆற்றுக்கால் என்பதுபோல ‘ஆற்றுக்காடு’ என்றே வர வேண்டும்.

அடுத்தது ககரத்தின் ஒலி. ‘ஆறு காடு’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவில் ககரம் மெலிந்து ஒலிக்கும். ஆற்காடு என்பதில் ககரம் வல்லொலியாகவே இருக்கிறது. நவாபுகள் காலத்து உருது வழக்கிலும், 1751இல் கிளைவ் கோட்டையைப் பிடித்த காலத்து ஆங்கில எழுத்திலும் அது வல்லொலியாகவே பதிவாகியிருக்கிறது. ஒற்றை அடுத்து நின்ற ககரமே இப்படி வலிக்கும்.

நற்றிணையின் 190ஆம் பாட்டில் அழிசி என்பவனுடைய ஊராக ‘ஆர்க்காடு’ வருகிறது. அது இந்த ஊர்தானா, சோழநாட்டில் வேறோர் ஊரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எப்படியாயினும் அப்படி ஒரு பெயர் பழந்தமிழில் இருந்தது என்பதும், அது இடையின ரகரத்தோடு எழுதப்பட்டது என்பதும் நமக்குப் போதும். ஆர் என்பது ஆத்தி மரம். சோழர் சூடிய பூ. ஆத்திக்காடு என்று பொருள்கொள்வது மரப்பெயரால் ஊருக்குப் பெயரிடும் தமிழ் வழக்கத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது.

அப்படியானால் வல்லின றகரம் எங்கிருந்து வந்தது? ககரத்துக்கு முன் ர், ற் இரண்டையும் இன்று பேச்சில் பெரும்பாலோர் வேறுபடுத்துவதில்லை. ஒலி ஒன்றாகிவிட்ட இடத்தில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொருளுக்குப் போய்விடுகிறது. ஆத்தியை ஆர் என்று அழைக்கும் வழக்கம் மறைந்தபின், ‘ஆர்’ பொருளற்ற ஒலியாக நின்றது. பொருளற்ற ஒலியை மக்கள் அப்படியே விடமாட்டார்கள், தமக்குத் தெரிந்த ‘ஆறு’ என்ற சொல்லை அதில் கண்டார்கள். இதற்கு நாட்டார் சொற்பிறப்பு என்று பெயர். எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமான் என்ற ஜெர்மானியர் 1852இல் இதை ஒரு தனி ஆற்றலாக அடையாளம் காட்டினார். வேதாரணியத்துக்கும் இதே வழியைச் சில அறிஞர்கள் சொல்கிறார்கள்: மரை என்ற மான் திரிந்த மரைக்காடு, மறைக்காடு ஆகி, மறை என்பது வேதம் என்று பொருள்பட்டு, வேதாரணியம் என்று மொழிபெயர்க்கப்பட்டது என்பது அவர்கள் கருத்து. ர, ற மயங்கும் இடமும், காடு ஆரணியம் ஆவதும் இரண்டு ஊர்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

“அப்படியென்றால் புண்ணாக்கு, துப்பாக்கி ஆகியவையும் நாட்டார் சொற்பிறப்பால் உருமாறியவைதானே?”

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மாட்டுக்கு வைக்கும் பிண்ணாக்கு ‘புண்ணாக்கு’ ஆனதைப் பார்த்து, புண் ஆக்குவது என்று மக்கள் பொருள்கொண்டதால் மாறியது என்பவர்கள் உண்டு. ஆனால் உதட்டெழுத்தை அடுத்த இகரமும் எகரமும், பின்னால் டகர ணகர ளகரங்கள் வரும்போது, உகரமாகவோ ஒகரமாகவோ குவிவது பேச்சுத் தமிழில் பொது வழக்கம்: பிடி ‘புடி’, பிள்ளை ‘புள்ள’, பெண் ‘பொண்ணு’. பிண்ணாக்கும் அந்த வரிசையில்தான் போயிருக்கிறது. புண் என்ற சொல்லே தமிழில் இல்லாதிருந்தாலும் அது புண்ணாக்கு என்றே ஆகியிருக்கும்.

துப்பாக்கி துருக்கியில் பிறந்து பாரசீகம் வழியாகப் பரவிய சொல். துப்பு + ஆக்கி என்று அழகாகப் பிரிகிறது. ஆனால் பகரமும் ககரமும் இரட்டித்ததற்கு அந்தப் பிரிப்பு காரணம் அன்று. உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் தமிழில் மெலிந்துவிடும் என்பதால், வல்லொலியைக் காப்பாற்றக் கடன்சொற்களில் அதை இரட்டிப்பது நம் வழக்கம்: வக்கீல், பாக்கி, சிப்பாய். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தவர்களைச் ‘சிப்பாய்கள்’ என்று எழுதும்போது அந்த ப்ப எந்தப் பொருளையும் சுமக்கவில்லை. துப்பாக்கியின் ப்ப என்பதும் அப்படியே. எனவே ஒரு சொல்லுக்கு மக்கள் சுவையான பொருள் சொல்கிறார்கள் என்பது மட்டும் போதாது; வழக்கமான ஒலிமாற்றத்தால் விளக்க முடியாத ஏதேனும் ஒரு மாற்றம் அந்தச் சொல்லில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாறியது மக்களின் விளக்கமே தவிர சொல் அன்று.

“வேர்க்கடலையைக் குறிக்கும் மல்லாட்டை என்பது மண்ணில் விளைவதால் வந்த பெயரா?”

இல்லை. மணிலாக்கொட்டை என்பதே மூலம். மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுக நகரம். ணகரத்தின் பின் இருந்த உயிர் விழுந்து, ணகரம் அடுத்த லகரத்தோடு ஒன்றி ‘மல்லா’ ஆயிற்று. மல்லாக்கொட்டை மேலும் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. அடிக்கடி சொல்லப்படும் நீண்ட தொகைச்சொல் இப்படிச் சுருங்குவது இயல்பு. இடைப்பட்ட ‘மல்லாக்கொட்டை’ இன்றும் வழக்கில் இருப்பதால் இதில் ஐயத்துக்கு இடமில்லை.

“வேலூர் முருகனின் வேலால் பெற்ற பெயரா, வேல மரத்தால் பெற்ற பெயரா?”

ஆற்காட்டுக்குக் கைகொடுத்த முறை இங்கே கைகொடுக்காது. ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்ற பழமொழி காட்டுவதுபோல வேல் என்பது மரத்தின் பெயராகவும் வழங்கியது. ஆயுதமாகிய வேலும் மரமாகிய வேலும் ஊர் என்பதோடு சேர்ந்தால் ஒன்றுபோல வேலூர் என்றே ஆகும். எழுத்திலும் ஒலியிலும் துளி வேறுபாடு வராது. திருவேற்காடு போன்ற பெயரில் காடு என்ற சொல் பின்னால் நிற்பதால் மரத்தின் பக்கம் சாய இடமுண்டு. ஊர் என்ற சொல் எதன் பின்னும் வரும். மரங்களால் பெயர்பெற்ற ஊர்கள் தமிழ்நாட்டில் மிகுதி என்பதால் நான் மரத்தையே கருதுகிறேன். ஆனால் அது பிற ஊர்ப்பெயர்களைப் பார்த்துச் செய்யும் ஊகம், வேலூர் என்ற சொல்லின் வடிவத்திலிருந்து எடுத்த முடிவு அன்று.